எட்டரையும் ஒன்பதரையும் சேர்ந்தால் ஒன்பது ஆகாது

முத்தாண்டிக்குப்பம், நெய்வேலிப் பக்கம் எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "பழைய வீட்டுக் கடன் எட்டரை, டாப்-அப் ஒன்பதரை. கூட்டி ரெண்டால வகுத்தா ஒன்பதுதானே! எல்லாத்தையும் ஒரே கடனா ஒன்பதுல மாத்திக்குங்க, ஒரே தவணையா போயிடும்." கடன் ஏஜென்ட் சொல்கிறார், கேட்டவர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்கிறார். நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய வேண்டும் என்பதால், சுற்றியுள்ள ஊர்களில் மனை வாங்கி, கடனில் வீடு கட்டுகிறார்கள். மாடி எடுக்கவோ கல்யாணச் செலவுக்கோ டாப்-அப் தேடும்போது இந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இது தவறான கணக்கு.

முந்திரிக் கொட்டையில் 12 மூட்டையை ஒரு விலைக்கும் 4 மூட்டையை வேறு விலைக்கும் வாங்கியவர், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பாரா? வட்டியும் அப்படித்தான். எந்த வட்டியில் எவ்வளவு தொகை நிற்கிறது என்பதே கணக்கு.

வீட்டுக் கடனில் மீதி 12 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 10 வருடம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 4 லட்சம் டாப்-அப், 9.5 சதவீதம், அதுவும் 10 வருடம். ஒவ்வொரு தொகையையும் அதன் வட்டியால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும்:

(12 × 8.5 + 4 × 9.5) ÷ 16 = 8.75

கலப்பு வட்டி 8.75 சதவீதம், ஒன்பது இல்லை. தவணையிலும் பாருங்கள். பழைய கடனுக்கு மாதம் சுமார் 14,878 ரூபாய், டாப்-அப்புக்கு 5,176, சேர்த்து 20,054. ஏஜென்ட் சொல்லும் ஒரே கடன், 16 லட்சம் ஒன்பது சதவீதத்தில், மாதம் 20,268. மாதம் 214 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். 10 வருடத்தில் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் அடமான ஆவணப் பதிவு, வக்கீல் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கிலேயே இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். முதலாவது, அன்று வாங்கிய தொகையைப் போடுவது. ஆரம்பத்தில் 20 லட்சம் வாங்கியிருந்தாலும் இன்றைய மீதி 12 என்றால் 12தான் கணக்கு. 20 போட்டால் 8.67 என்று வரும். அது உங்கள் வட்டியே இல்லை. இரண்டாவது, காலத்தை மறப்பது. இரண்டு கடனும் ஒரே நாளில் முடிந்தால்தான் 8.75 கடைசிவரை ஏறக்குறைய நிற்கும். டாப்-அப்பை 5 வருடத்தில் முடித்தால் அதன் தவணை 8,401. இரண்டும் சேர்ந்து மாதம் 23,279. சுமை கூடுகிறது, உண்மை. ஆனால் வட்டி கூடிய பகுதி சீக்கிரம் கரைவதால் கலப்பு வட்டி மாதாமாதம் 8.5 பக்கம் இறங்கும். ஆறாம் வருடம் முதல் 14,878 மட்டும். டாப்-அப்புக்கான வட்டி 10 வருடத்தில் சுமார் 2.21 லட்சம், 5 வருடத்தில் சுமார் 1.04 லட்சம். குறைந்த தவணை என்ற ஒன்றுக்காக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள்.

மற்ற பேச்சுகளைச் சுருக்கமாகத் தீர்ப்போம்.

"டாப்-அப் போட்டால் பழைய வட்டியும் ஏறும்." பொதுவாக அது தனிக் கணக்கு, தனி வட்டி. இரண்டையும் இணைத்துப் புது ஒப்பந்தம் போட்டால்தான் பழைய வட்டி மாறும். கையெழுத்துக்கு முன் அனுமதிக் கடிதத்தைப் படியுங்கள்.

"டாப்-அப்புக்கும் வரிச் சலுகை உண்டு." பழைய வரி முறையில் இருந்து, பணத்தை வீடு கட்டவோ பழுது பார்க்கவோ செலவழித்து, அதற்கு ரசீதும் வைத்திருந்தால் வட்டிக்கு உண்டு. கல்யாணத்துக்கு வாங்கினால் கிடையாது.

"முன்கூட்டிக் கட்டினால் அபராதம்." தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்டதற்கோ புதுப்பிக்கப்பட்டதற்கோ அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போனஸ் வந்தால் டாப்-அப் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்து அதில் கட்டுங்கள். எண் சொல்லாவிட்டால் குறைந்த வட்டிக் கணக்கில் போய் வரவாகலாம்.

கடைசியாக ஒன்று, இதை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். 2024 அக்டோபர் 1 முதல், பழைய வாடிக்கையாளருக்குத் தரும் புதுக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலத் தாளை நீட்டினால் தமிழில் கேளுங்கள். கொடுக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.