நூறு பேர் பதிந்தார்கள், சேர்ந்தது எத்தனை பேர்?



ஆரி வேலை கற்றுக்கொடுக்கும் குழு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை செல்போனில் ஜூம் வழியாக இலவச அறிமுக வகுப்பு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்திருந்தால் மணிமங்கலத்தில் நடக்கும் நேரடி வகுப்பில் ரூ.1,500 கட்டிச் சேரலாம். நூல், மணி, துணி எல்லாம் போக ஒருவரால் குழுவுக்கு ரூ.900 நிற்கும். ஆள் கூட்ட எந்த வழியில் செலவு செய்வது? கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் குழுவின் எண்களைப் போட்டு நீங்களே பார்க்க வேண்டும்.

முதல் வழி, பேஸ்புக் விளம்பரம். செலவு ரூ.2,000. நூறு பேர் பெயர் பதிந்தார்கள். ஒரு பதிவுக்கு ரூ.20 ஆகிறது.

இரண்டாவது வழி, நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போய்ச் சொல்வது. அச்சுக்கு ரூ.500, போய்வந்த சகோதரிகளுக்குக் கூலியும் பஸ் செலவும் ரூ.1,000. மொத்தம் ரூ.1,500. முப்பது பேர்தான் பதிந்தார்கள். ஒரு பதிவுக்கு ரூ.50.

இதோடு நிறுத்தினால், "பேஸ்புக்தான் லாபம், எதுக்கு வெயில்ல அலையணும்?" என்று தீர்மானம் போட்டுவிடுவோம். இன்னும் இரண்டு படி கணக்குப் போடலாம், வாங்க.

வகுப்பு அன்று பேஸ்புக்கில் பதிந்த நூறு பேரில் வந்தது 15 பேர். வந்த ஒருவருக்கு ஆன செலவு சுமார் ரூ.133. நோட்டீஸ் பார்த்துப் பதிந்த முப்பது பேரில் 18 பேர் வந்தார்கள். அங்கே வந்த ஒருவருக்கு சுமார் ரூ.83.

அடுத்த முப்பது நாளில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் பேஸ்புக் வழியில் 2 பேர், நோட்டீஸ் வழியில் 6 பேர். சேர்ந்த ஒருவருக்கு ஆன செலவு முதல் வழியில் ரூ.1,000, இரண்டாவது வழியில் ரூ.250. ஒருவரால் நமக்கு நிற்பதே ரூ.900 என்பதால், முதல் வழியில் ஆளுக்கு ரூ.100 கைநஷ்டம். இரண்டாவதில் ஆளுக்கு ரூ.650 மிச்சம். பதிவுக் கணக்கில் மலிவாகத் தெரிந்தது விற்பனைக் கணக்கில் நஷ்டமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? பேஸ்புக் படிவத்தில் பெயரும் போன் நம்பரும் பெரும்பாலும் தானாகவே நிரம்பிவிடும். இரண்டு தட்டு தட்டினால் பதிவு முடிந்தது. மறுநாள் கேட்டால், "நான் எதுல பதிஞ்சேன்?" என்பார்கள். விளம்பரம் தூரத்து ஊர்க்காரர்களுக்கும் போயிருக்கும். அவர்களால் மணிமங்கலம் வந்து படிக்க முடியாது. நம்ம பக்கத்தில் ஷிப்ட் பிரச்சினையும் உண்டு. ஒரகடம் கம்பெனிக்கு மதிய ஷிப்ட் போகிற பெண் ஆசையோடு பதிந்திருந்தாலும் மாலை வகுப்புக்கு வர முடியாது.

இதைச் சரிசெய்யலாம். விளம்பரம் காட்டும் இடத்தை நம்ம சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் குறையுங்கள். "உங்களுக்கு எந்த ஷிப்ட்? நேரில் வந்து படிக்க முடியுமா?" என்று கையால் பதில் எழுதும்படி கேளுங்கள். முதல் நாளும், வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பும் வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துங்கள். பதிவு குறையும், ஒரு பதிவுக்கான செலவு ஏறும். அதற்குப் பயப்பட வேண்டாம். வந்தவர் கணக்கும் சேர்ந்தவர் கணக்கும் இறங்குகிறதா என்று பாருங்கள்.

கணக்கு எழுதும் முறை: ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிப் பதிவுப் படிவம் வையுங்கள். ஜூமில் நுழையும்போது பெயரோடு போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் யார் எந்த வழியில் வந்தார் என்று பட்டியலோடு ஒத்துப்பார்க்க முடியும். ஐந்து நிமிடத்தில் போய்விட்டவரை வந்தவராக எழுதாதீர்கள். பாதி நேரமாவது இருந்தவரை மட்டும் எழுதுங்கள். பணம் கட்டியவர் பெயரை முப்பது நாள் வரை அதே நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அலைந்த சகோதரிகளின் கூலியை எழுதாமல் விட்டால் வீடு வீடாகப் போவது பொய்யாக மலிவாகத் தெரியும். நம்ம உழைப்பும் செலவுதான். அடுத்தது, இரண்டு பேர், ஆறு பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒரு வீட்டு அக்கா தங்கை இருவர் சேர்ந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் ஒரே வகுப்பை வைத்து ஒரு வழியைக் கைவிடாமல், மூன்று வகுப்புக் கணக்கைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெரிந்த தெருக்கள் முடிந்த பிறகு நோட்டீஸ் வழியிலும் ஆள் குறையும். அதையும் இதே நோட்டு காட்டிக்கொடுக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் கடைசியாகச் செய்த விளம்பரச் செலவை எடுத்து, பதிந்தவர், வந்தவர், சேர்ந்தவர் என்று மூன்று கட்டம் போட்டு, மூன்றாலும் தனித்தனியே வகுத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்துக்கு உங்களிடம் எண்ணே இல்லையோ, அடுத்த வகுப்பில் அதை முதலில் எழுதத் தொடங்குங்கள்.