மீன் விற்கக் கிளம்பும் மருமகனுக்கு ஓர் ஐஸ் கணக்கு

கடலூர் முதுநகர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. வாரம் முழுக்கப் பீங்கான் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே துறைமுகத்தில் மீன் எடுத்து, பைக்கில் விருத்தாசலம் கொண்டுபோய் விற்பது என்று முடிவு செய்திருக்கிறாயாம். அக்கா போனில் சொன்னாள். எவ்வளவு ஐஸ் போட வேண்டும், தெர்மாகோல் பெட்டி போதுமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. போனில் சொன்னால் காதோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீன் செத்ததுமே அதன் குடலில் இருக்கிற நொதிகளும், செவுளிலும் தோலிலும் இருக்கிற கிருமிகளும் வேலையைத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாகத் தொடங்கும் என்பது சூட்டைப் பொறுத்தது. மீன்வளத் துறைக்காரர்கள் பல காலமாகக் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 0 டிகிரியில் மீன் கெடும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரியில் 4, 20 டிகிரியில் 9, 30 டிகிரியில் 16. வெயில் சூட்டில் இது அச்சுப் பிசகாமல் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டிவிடும்.

இதை நம் கடலுக்குப் பொருத்திப் பார். ஒரு ஃபைபர் படகு ராத்திரி வலை விட்டு, 3 மணிக்குக் கானாங்கெளுத்தியை ஏற்றுகிறது. படகில் ஐஸ் இல்லை. 6 மணிக்குக் கரை சேர்கிறது. வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும், மீனும் அதே சூட்டில்தான் இருக்கும். அந்த மூன்று மணி நேரம் கணக்குப்படி ஏறக்குறைய 45 மணி நேரத்துக்குச் சமம். அதாவது ஐஸுக்குள் கிட்டத்தட்ட இரண்டு நாள் கிடந்த மீனின் வயது அதற்கு வந்துவிட்டது. வலையிலேயே செத்துத் தொங்கிய நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை. கரையில் ஏலம் முடியும்வரை கூடையில் வெயில் பட்டால் இன்னும் கூடும். அதன் பிறகு நீ எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் போன இரண்டு நாள் திரும்பாது. அந்த நிமிடத்திலிருந்து வேகத்தைக் குறைக்க மட்டும்தான் ஐஸால் முடியும்.

அதனால் விலை கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேள். வலை எத்தனை மணிக்கு ஏறியது? படகில் ஐஸ் இருந்ததா? ஐஸ் பெட்டி கொண்டுபோகும் ஒரு படகுக்காரரைப் பிடித்து வைத்துக்கொள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடு. சின்ன மீனுக்குப் படகில் ஆகச் சிறந்த வழி, பெட்டியில் பொடி ஐஸும் சுத்தமான கடல் தண்ணீரும் கலந்து வைத்து, பிடித்த மீனை அதில் போடுவதுதான். ஐஸ் கட்டி மீனை அங்கொரு இடம் இங்கொரு இடம் என்றுதான் தொடும், தண்ணீர் உடம்பு முழுக்கத் தொடும். மத்தியும் கானாங்கெளுத்தியும் இதில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடைசிவரை மேலே ஐஸ் மிதந்துகொண்டிருந்தால் போதுமான ஐஸ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வஞ்சிரம் போன்ற பெரிய மீனுக்கு இந்தக் கதை செல்லாது. தடிமன் இரண்டு மடங்கானால் நடுமுள்ளுவரை குளிர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். அதனால் பெரிய மீனின் செவுளையும் குடலையும் எடுத்து, நன்றாகக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிக்க வேண்டும்.

இனி உன் ஐஸ் கணக்கு. 20 கிலோ கானாங்கெளுத்தி வாங்குகிறாய், அது 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 0.8 கிலோகலோரி எடுக்க வேண்டும். 20 கிலோ, 30 டிகிரி, 0.8 மூன்றையும் பெருக்கினால் 480. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரியை உறிஞ்சும். 480-ஐ 80-ஆல் வகுத்தால் 6. ஆக மீனைக் குளிர்விக்க மட்டும் 6 கிலோ ஐஸ் போய்விடும்.

அடுத்தது பெட்டிச் சுவர் வழியாக உள்ளே ஏறும் சூடு. இது உனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. சூளையில் அனல் வெளியே போகாமல் இருக்க, மரத்தூள் கலந்து சுட்ட, உள்ளெல்லாம் துளையான இலேசான கல்லைத்தானே அடுக்குகிறீர்கள்? துளைக்குள் சிக்கி நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. தெர்மாகோலிலும் அதே காற்றுதான் வேலை செய்கிறது, சூடு வரும் திசை மட்டும் மாறியிருக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம், இரண்டரை சென்டிமீட்டர் சுவர் உள்ள ஒரு தெர்மாகோல் பெட்டி, 30 டிகிரி வெளிச்சூட்டில் மணிக்கு அரை கிலோ ஐஸைத் தின்னும். அதே அளவு வெறும் பிளாஸ்டிக் கிரேட் ஐந்தாறு மடங்கு தின்னும். காலை 6 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை 8 மணி நேரம் என்றால் உன் பெட்டிக்கு 4 கிலோ.

ஆறும் நாலும் பத்து. ஆனால் பத்து கிலோவோடு கிளம்பிவிடாதே. விற்கும்போது மூடியைத் திறந்து திறந்து மூடுவாய். வடலூர், நெய்வேலி தாண்டிப் போகும் அறுபது கிலோமீட்டர்ச் சாலையில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். ஐஸ் கம்பெனியிலிருந்து வரும் ஐஸும் பாதி ஈரமாகத்தான் வரும். அதனால் 15 கிலோ போடு, கோடையில் 20 போடு. மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் என்று பழைய ஆட்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். போட்டது போதுமா என்று பார்க்க ஒரே அடையாளம் உண்டு. கடைசி மீனை விற்கும்போதும் பெட்டியில் ஐஸ் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு மணிக்கே வெறும் தண்ணீர்தான் கிடக்கிறது என்றால் அடுத்த வாரம் கூட்டு.

ஐஸ் பாரைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடிப்பதைவிட, ஐஸ் கம்பெனியிலேயே மெஷினில் பொடித்து வாங்கிக்கொள். பெரிய கட்டியின் முனை மீனைக் கிழித்துவிடும், கட்டிகளுக்கு நடுவே காற்றும் நிற்கும். பார் தரையில் இழுபட்டு வந்திருந்தால் பொடிக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல். உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. ஐஸ் சீக்கிரம் உருகிப் போகும், மீனின் மேல்தோலும் உறைந்து பிறகு தொளதொளத்துவிடும்.

அடுக்குவது இப்படி. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு வை, உருகிய தண்ணீர் அதற்குக் கீழே தங்கட்டும். தட்டின் மேல் மூன்று விரல் கனத்துக்கு ஐஸ். அதன் மேல் ஒரே வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், எல்லாவற்றுக்கும் மேலே கனமாக ஐஸ். மீனை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ஐஸ் தூவுகிறவர்களைப் பார்த்திருப்பாய். அந்தக் குவியலின் நடுவில் கைவிட்டால் மத்தியானம்கூட வெதுவெதுப்பாக இருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள். பெட்டி தானாக எதையும் குளிர்விக்காது. சூடான மீனை ஐஸ் இல்லாமல் தெர்மாகோல் பெட்டியில் போட்டு மூடினால், அந்தச் சூட்டைத்தான் அது பத்திரமாகக் காப்பாற்றும்.

உருகி மேலிருந்து கீழே வடியும் தண்ணீர் நல்லது. குளிர்ச்சியைக் கீழ் வரிசைக்குக் கொண்டுபோகும், வழவழப்பையும் கழுவிவிடும். ஆனால் அடியில் தேங்கும் ரத்தத் தண்ணீரில் மீன் ஊறக் கூடாது. பெட்டியின் அடியில் அடைப்பான் உள்ள துளை இருக்கட்டும். ஓட்டும்போது மூடிவை, வண்டி நிற்கும் இடத்தில் வாளி வைத்து வடித்துவிடு. வெறும் தெர்மாகோல் நாளடைவில் ஓரம் உதிர்ந்து, தண்ணீர் குடித்து, நாற்றம் பிடித்துவிடும். தண்ணீர் குடித்த தெர்மாகோல் சூட்டையும் சரியாகத் தடுக்காது. தொழில் நிலைத்தால் இரட்டைச் சுவருக்குள் பஃப் அடைத்த பெட்டி வாங்கிக்கொள். ஐஸ் பெட்டி பொருத்திய பைக்குக்கு மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் கொடுத்துவந்தார்கள். இப்போதும் உண்டா, உனக்குப் பொருந்துமா என்று கடலூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேள்.

விற்கிற இடத்தில் மொத்த மீனையும் தட்டில் பரப்பாதே. ஐஸ் மேல் நான்கைந்து மீனை வைத்துக் காட்டு, மற்றது பெட்டிக்குள் இருக்கட்டும். அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் மீன் பளபளக்கும், குளிராது.

வாடிக்கையாளர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ஐஸில் நன்றாக வைத்த மீனின் செவுள், தண்ணீர் ஓடி ஓடிக் கொஞ்சம் வெளுத்திருக்கும், கண்ணும் லேசாக மங்கியிருக்கும். அதை வைத்து மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது. விரலால் அழுத்திய குழி மேலே எழும்பி வருகிறதா, செவுளில் கடல் வாசனையா புளிப்பு வாசனையா, வயிறு வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். இரை தின்ற மத்தியைச் சூட்டில் விட்டால் முதலில் போவது வயிறுதான்.

மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாத கேடு ஒன்று இருக்கிறது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மூன்றின் சதையிலும் ஹிஸ்டிடின் அதிகம். சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம். படகில் மூன்று மணி நேரம் வெந்துவிட்டு, கரையில் ஐஸுக்குள் புகுந்து பளபளவென்று நிற்கும் மீனில் இது இருக்கலாம். விலையைவிட நேரத்தை முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகு மீன் மட்டும்தான் இங்கே புதுசாக வரும், வரத்தும் குறையும். வெளியூரிலிருந்து லாரியில் வந்த மீனைக் கடலூர் மீன் என்று உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஏற்கெனவே சில நாள் ஐஸில் இருந்திருக்கும். வாங்கினால், எங்கே பிடித்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்றுவிடு. சரக்கு சரியில்லை என்று தோன்றினால் அந்த ஞாயிறு வீட்டிலேயே இரு.

முதல் தடவை 20 கிலோவுக்கு மேல் எடுக்காதே. முள் போன்ற கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடு வரிசை மீனின் தடித்த பகுதியில் நடுமுள்ளுவரை குத்திப் பார். இங்கே வாங்கும்போது எவ்வளவு, விருத்தாசலம் சேர்ந்ததும் எவ்வளவு, கடைசி மீனில் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் குறித்து எனக்கு அனுப்பு. பின்னிரண்டும் 2 டிகிரிக்குள் இருந்தால் அப்படியே தொடரலாம். இரண்டாவது எண் கூடியிருந்தால் அடுக்கியதில் கோளாறு, மூன்றாவது கூடியிருந்தால் ஐஸ் பற்றவில்லை. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கு எத்தனை கிலோ மீன், எத்தனை கிலோ ஐஸ் என்று பேசிக்கொள்ளலாம்.

அக்காவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா