செவிக்கு எழுதும் செய்தி

அச்சில் தெளிவாக நிற்கும் வாக்கியம் வானொலியில் இடறுவதுண்டு. நாகை மக்கள் மறவாத கஜா புயலைச் சான்றாகக் கொள்வோம்.

“16.11.2018 அன்று இரவு 12.30–2.30 மணிக்கு, மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது.”

இதனை உரக்கப் படித்தால் குறை புலப்படும். முதல் ‘மணிக்கு’ நேரத்தையும் அடுத்தது வேகத்தையும் குறிப்பதால் நா தடுக்கும். எண்களுக்கிடையேயுள்ள கோட்டிற்கு ஒலியில்லை. ‘பதினாறாம் தேதி இரவு’ என்றால், கேட்பவர் அன்று பொழுது சாய்ந்தபின் வரும் இரவையே கருதுவர். ஏறத்தாழ ஒருநாள் பிழை நேரும்.

ஆகவே இவ்வாறு எழுதுவோம்: “நவம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்போது நேரம் பன்னிரண்டரை முதல் இரண்டரை மணி வரை. காற்றின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல்.” அவ்வாரச் செய்திக்கு ஆண்டு வேண்டுவதில்லை, பின்னாளில் நினைவுகூரும் உரைக்கு வேண்டும்.

எல்லா எண்களையும் தொகையாக்குதல் கூடாது. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. அதனை ‘ஆயிரத்து எழுபத்தேழு’ என்றால் கேட்பவர் இலக்கங்களைத் தேடித் தவிப்பார். ‘ஒன்று, பூஜ்யம், ஏழு, ஏழு’ என எழுதி, இருமுறை படிக்கச் செய்வதே முறை.

‘வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை முதன்மைச் செயலாளர்’ என்னும் பதவிப்பெயர், ஆள்பெயரும் சேர்ந்தால் ஒரு மூச்சில் அடங்காது. முதல் வாக்கியத்தில் பதவியை மட்டும் முழுதாகக் கூறி, அடுத்ததில் பெயரைத் தருவோம். பின்னர் ‘செயலாளர்’ என்பதே போதும். இருவேறு செயலாளர்கள் இடம்பெற்றால் மட்டும் துறைப்பெயரை மீண்டும் சேர்த்தல் வேண்டும்.

எழுதியதைப் பிறரிடம் ஒருமுறை படித்துக்காட்டி, நாளையும் எண்ணையும் திருப்பிச் சொல்லக் கேட்போம். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.