ஒரே மாத்திரை, வெவ்வேறு உடல்கள்

ஒரே வீட்டில் இருவர் காசநோய்க்கு ஒரே மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஒருவருக்குப் பாதம் எரிகிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. காரணம் என்ன?

அதிலுள்ள ஐசோனியாசிட் மருந்தைக் கல்லீரலில் என்.ஏ.டி.2 என்ற நொதி செயலிழக்கச் செய்கிறது. தாய், தந்தையிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்து இது சிலருக்கு வேகமாகவும், சிலருக்கு மெதுவாகவும் இயங்கும். வேகமானவரின் ரத்தத்தில் மருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். மெதுவானவருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவானவர்களே.

1956-இல் நம் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதை நோயாளிகளிடமே கண்டறிந்தது. மருந்தின் அளவு கூடியபோது, மெதுவானவர்களுக்கே கை, கால் நரம்பு பாதிப்பு அதிகம் வந்தது. பைரிடாக்சின் எனும் பி6 வைட்டமின் அதைத் தடுத்தது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோதோ, வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. தினமும் கொடுத்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. எனவே தினசரி சிகிச்சையில் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்வதில்லை.

ஆகவே மரத்துப்போதல், எரிச்சல் இருந்தால் மருந்து தரும் பணியாளரிடம் சொல்லி பி6 பற்றிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி வந்தாலோ அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அடுத்த மாத்திரைக்கு முன்பே, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.