சர்வேயர் போன பிறகு எழுத வேண்டிய கடிதம்

10ஆம் தேதி. கோடவுனில் மழைநீர் புகுந்து 40 மூட்டை துவரம்பருப்பு நனைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சர்வேயரும் இன்சூரன்ஸ் அதிகாரியும் வந்து பார்க்கிறார்கள். 12 மூட்டை முழு நஷ்டம், ஓரம் நனைந்த 28 மூட்டையைத் தீவனத்துக்கு விற்கலாம் என்று பேசி முடிகிறது. அந்த வாய்ப்பேச்சை நம்பி விற்றுவிட்டால், "யாரைக் கேட்டு விற்றீர்கள்?" என்று பிறகு கேள்வி வரும். காட்டுவதற்குச் சரக்கும் இருக்காது.

அன்று மாலையே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், வந்திருந்தோர் பெயர், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது, இவ்வளவு போதும். "விரைவில்" என்ற சொல்லே வேண்டாம். "கொள்முதல் பில்களை நாங்கள் 11ஆம் தேதியும், விற்பனைக்கான சம்மதக் கடிதத்தைக் கம்பெனி 12ஆம் தேதியும் தருவதாக முடிவானது" என்று எழுதுங்கள். நனைந்த பருப்பு பூஞ்சை பிடிக்கும். தேதியைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

சர்வேயர் நஷ்டத்தை மதிப்பிடுபவர். பணம் தர ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அவருக்கில்லை. "கிளெய்மை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் மறுப்புதான் வரும். "மூட்டை எண்ணிக்கையை ஒப்புக்கொண்டார்" என்று எழுதுங்கள்.

"மாறுபாடு இருந்தால் நாளைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்" என்று முடித்து, இருவருக்கும் அன்றே ஈமெயிலிலும், மறுநாள் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பாலிசியோடு வையுங்கள்.