ஹாட்ஸ்பாட் இணைந்தது, இணையம் எங்கே?

நம்பிக்கை: லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, அதனால் இணையம் வந்துவிட்டது.

உண்மை: அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றைத்தான். லேப்டாப்புக்கும் பக்கத்தில் இருக்கும் போனுக்கும் நடுவே சிக்னல் நன்றாக இருக்கிறது. போனுக்கும் டவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது லேப்டாப்புக்குத் தெரியாது. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டாலும் பல போன்களில் கோடுகள் நிறைந்தே நிற்கும். கிணற்றடியில் வாளி இருக்கிறது, கயிறும் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நம்பிக்கை: போனில் எல்லாம் வருகிறது, அதனால் கோளாறு லேப்டாப்பில்தான்.

உண்மை: நிறையப் பேரைச் சுற்றவிடுவது இந்த நம்பிக்கைதான். என் அக்கா மகன் கல்லூரி விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளில் இதில்தான் சிக்கினான். மாலை ஆறு மணிக்குப் போன் செய்து, "மாமா, போன்ல வாட்ஸ்அப் வருது, லேப்டாப்ல மட்டும் ஒண்ணுமே திறக்கல. லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணிரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, அவனுடைய தினசரி டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொன்னேன். 1.5 ஜிபி திட்டம், மிச்சம் பூஜ்யம்.

தினசரி அளவு தீர்ந்தால் நம் ஊர்த் திட்டங்கள் பலவற்றில் இணையம் அறுந்து போவதில்லை, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைகிறது. அதாவது நொடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் ஒரு வரிச் செய்தி சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், ஆகவே போன் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. படங்களோடு 2.4 எம்பி கனமுள்ள ஒரு வலைப்பக்கத்துக்கு அதே வேகத்தில் 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் பிரவுசர் கைவிட்டுவிடும், அல்லது வெள்ளைத் திரையையே காட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்போ பின்னணியில் வேறு பத்து வேலைகளுக்கும் அந்தச் சின்ன ஓடையையே பங்கு போடுகிறது.

அந்த 1.5 ஜிபி எங்கே போனது? ஆண்ட்ராய்டு போனின் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு செயலியும் எவ்வளவு எடுத்தது என்று இருக்கும். அதில் ஹாட்ஸ்பாட்டுக்கும் தனி வரி உண்டு. அவன் போனில் அந்த வரிதான் முதலிடம். காலையில் அரை மணி நேரம் ஹாட்ஸ்பாட் போட்டபோது விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கியிருக்கிறது. வைஃபை என்றால் வீட்டு பிராட்பேண்ட் என்றே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அந்த வைஃபையின் பண்புகளுக்குள் Metered connection என்பதை ஆன் செய்தால்தான் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். ஹாட்ஸ்பாட் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

சில போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கென்றே தனி டேட்டா வரம்பு வைக்கும் வசதியும் உண்டு. எப்போதோ 500 எம்பி என்று வைத்து மறந்திருந்தால் அதுவும் பாதியில் நிறுத்திவிடும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: ஏபிஎன் மாற்றினால் வேகம் கூடும்.

உண்மை: கூடாது. ஏபிஎன் என்பது நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இணையத்துக்குள் எந்த வாசல் வழியே போவது என்று போன் சொல்லும் பெயர், அவ்வளவே. ஜியோவுக்கு jionet, ஏர்டெல்லுக்கு airtelgprs.com, பிஎஸ்என்எல்லுக்கு bsnlnet. வேகத்தைத் தீர்மானிப்பது டவரின் நெரிசலும் உங்கள் திட்டமும். வாசலின் பெயரை மாற்றி எழுதியதால் சாலை அகலமாகாது.

என் மருமகன் நான் சொன்னதோடு நிற்கவில்லை. கூடுதல் டேட்டா போட்டு விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு, இனி இப்படி ஆகக்கூடாது என்று ஒரு வீடியோவைப் பார்த்துப் புதிய ஏபிஎன் ஒன்றை உருவாக்கியிருக்கிறான். மறுநாள் காலை 1.5 ஜிபி முழுசாக இருக்கிறது, போனில் வீடியோ தடையின்றி ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் "No internet, secured" என்று வருகிறது. நேற்றுப் போலவே தெரிந்தாலும் இது வேறு நோய். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இவற்றை ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன்:

```
ipconfig
ping 192.168.43.1
ping 8.8.8.8
ping www.google.com
```

முதல் கட்டளையில் Default Gateway என்று வரும் எண்தான் போனின் முகவரி. அவனுக்கு 192.168.43.1 என்று வந்தது. உங்களுக்கு வேறாக வந்தால் இரண்டாவது வரியில் அதை அடியுங்கள். அங்கே எண்ணே வராமல், லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் போன் முகவரி கொடுக்கவே இல்லை. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட வேண்டும். அவனுக்குப் போன் பதில் சொன்னது, 8.8.8.8 பதில் சொல்லவில்லை. லேப்டாப்பில் விபிஎன் எதுவும் ஓடவில்லை. ஆக, லேப்டாப் போன்வரை சரியாகப் போகிறது; போன்தான் அதை வெளியே அனுப்பவில்லை. 8.8.8.8 பதில் சொல்லிக் கடைசி வரி மட்டும் தோற்றிருந்தால், லேப்டாப்பில் கையால் போட்ட டிஎன்எஸ் முகவரியைச் சந்தேகித்திருப்பேன். நான்கும் சரியாக வந்து, ஆனால் பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் இருந்தால், மறுபடி டேட்டா அளவைப் பார்க்க வேண்டும்.

காரணம் ஏபிஎன் பக்கத்தில் இருந்தது. அங்கே APN type என்று ஒரு கட்டம் உண்டு. இந்த வாசலை எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருக்கும். default என்றால் போனின் சொந்த இணையம். dun என்றால் பிற கருவிகளுக்குப் பகிரும் இணையம். பல போன்கள் default ஒன்றிலேயே இரண்டையும் நடத்திவிடும். சில போன்கள் மட்டும், நிறுவனம் வைத்த அமைப்பைப் பொறுத்து, பகிர்வதற்கு dun இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கும். வீடியோவில் சொன்னபடி அவன் default என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் போன் இரண்டாவது வகை. போனுக்கு வழி கிடைத்தது, லேப்டாப்புக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் Reset to default அழுத்தினான். நிறுவனத்தின் பழைய ஏபிஎன் dun உட்படத் திரும்ப வந்தது. மொபைல் டேட்டாவை அணைத்துப் போட்டதும் லேப்டாப்பில் பக்கங்கள் திறந்தன. ஐபோனிலும் இதன் உறவுக்காரன் உண்டு: மொபைல் டேட்டா அமைப்புக்குள் Personal Hotspot என்ற பகுதியில் ஏபிஎன் கட்டம் காலியாக இருந்தால், சில சிம்களில் ஹாட்ஸ்பாட் வசதியே மெனுவிலிருந்து மறைந்துவிடும்.

நம்பிக்கை: டேட்டா சேவர் போட்டால் ஹாட்ஸ்பாட்டிலும் டேட்டா மிச்சமாகும்.

உண்மை: அது போனின் செயலிகளைத்தான் கட்டுப்படுத்தும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஆனில் இருந்தால் ஹாட்ஸ்பாட் வேலையே செய்யாது. பகிரும்போது அணைத்து வையுங்கள்.

வேகம் கூட்டும் வீடியோ பார்த்து எப்போதாவது ஏபிஎன்னில் கை வைத்திருந்தால், இப்போது இருப்பதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, இன்றே Reset to default அழுத்திவிடுங்கள்.