தும்மினால் நூறு, கிளம்பினால் ‘வரேன்’

கம்மாபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு எழுதப் போகும் ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். முதல் நாள் சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு, “நான் போறேண்ணே” என்று எழுந்திருக்கிறாள். சூளை பார்க்கும் பெரியவரின் முகம் சுண்டிவிட்டது. “அப்படிச் சொல்லாத பாப்பா. வரேன்னு சொல்லு.”

வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதை யாரும் எழுதித் தருவதில்லை. வீட்டில் அம்மா சொன்னபோது அலட்சியமாகக் கேட்ட விஷயம், பட்டறையில் வைத்துத் திருத்தப்படும்போதுதான் உறைக்கிறது. ‘போயிட்டார்’ என்று தனியாகச் சொன்னால் நம் ஊரில் என்ன பொருள் என்பது தெரிந்ததுதானே? அதனால்தான் கிளம்புகிறவர் திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்கிறார்: “போயிட்டு வரேன்.” அவசரமென்றால் “வரேன்” மட்டும் போதும்.

இதற்குப் பதில் “போயிட்டு வாங்க”. இளையவரென்றால் “போயிட்டு வா”, அல்லது “பாத்துப் போ”. இந்தப் பதிலுக்கு மறுபடியும் ஒரு பதில் உண்டு: “சரிங்க, வரேன்.” அங்கே “நன்றி” சொன்னால் தப்பில்லை, ஆனால் ஏதோ மேடையில் நிற்பது போல இருக்கும். வழியனுப்புகிறவர் எதிர்பார்ப்பது நன்றியை அல்ல, அந்த ‘வரேன்’ என்ற உறுதியை. எதிரில் இருப்பவர் சொன்ன வினையையே நம் வாயால் திருப்பிச் சொல்வதுதான் தமிழில் இதற்கெல்லாம் பாதிப் பதில். இந்த ஒரு சூத்திரம் பிடிபட்டால் மற்றவை தானாக வரும்.

இன்னொன்று: கிளம்பி நிற்பவரை “எங்க போறீங்க?” என்று கேட்கக் கூடாது என்பார்கள். “என்ன, தூரமா?” என்றுதான் கேட்பார்கள். பதிலாக “இங்கதான், பக்கத்துல” என்று சொல்லிவிட்டு நடக்கலாம். கேட்டவர் முகவரி எதிர்பார்க்கவில்லை. கேட்டவர் முதலாளி, நீங்கள் போவது பட்டறை வேலையாக என்றால் மட்டும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

தும்மலுக்கு வருவோம். குழந்தை தும்மினால் பாட்டி “நூறு” என்பாள், அடுத்த தும்மலுக்கு “இருநூறு”. சில வீடுகளில் “தீர்க்காயுசு”. நூறு வயது வாழட்டும் என்பதன் சுருக்கம்தான் அந்த எண். திருக்குறளின் புலவி நுணுக்கம் அதிகாரத்திலேயே இந்த வழக்கம் இருக்கிறது. 1312-ஆம் குறளில், ஊடிப் பேசாமல் இருக்கும் தலைவியை வாழ்த்த வைப்பதற்காகவே தலைவன் தும்முகிறான். 1317-இல் அவள் வாழ்த்திவிட்டு, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். 1318-இல் அவன் தும்மலை அடக்க, உன்னவர் நினைப்பதை மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம் என்ற நிலை அலுவலக மீட்டிங்கில் தும்மியவர்களுக்குப் புரியும்.

வேலையிடத்தில் நடைமுறை எளிது. உங்களைவிடப் பெரியவர் தும்மினால் நீங்கள் “நூறு” சொல்ல வேண்டியதில்லை, அது மூத்தவர் இளையவருக்குச் சொல்வது. உங்களுக்கு யாராவது சொன்னால் சிரித்துவிட்டு “சரிங்கம்மா” என்றால் போதும். “பிளஸ் யூ” சொல்பவருக்குத்தான் “தேங்க்ஸ்”.

உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பர் தும்மினால் அங்கே மூன்று படி உண்டு. தும்மியவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். கேட்டவர் “யர்ஹமுகல்லாஹ்” என்பார். தும்மியவர் அதற்கும் ஒரு வாழ்த்தைத் திருப்பிச் சொல்வார். இறைவனைப் புகழாமல் தும்மினால் கேட்டவருக்குப் பதில் கடமையில்லை; மூன்று தும்மலுக்கு மேல் போனால் அதைச் சளியாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த வாசகங்களைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு நடுவே அது ஓடும்போது குறுக்கே பேசாமல் இருந்தாலே மரியாதை.

பீங்கான் பட்டறையில் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். காய்ந்த களிமண் தூளைத் துடைப்பத்தால் கூட்டும்போது ஒருவர் தொடர்ந்து தும்மினால் “நூறு, இருநூறு” என்று கேலி செய்துகொண்டிருக்காதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தும்மல் நின்றுவிட்டதால் தூசி இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நுரையீரலைக் கெடுக்கும் மிக நுண்ணிய சிலிக்கா தூள் மூக்கை உறுத்தாமலே உள்ளே போய்விடும்.

கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் விழுந்தால்? அதுதான் வீட்டுக்கு வீடு வழக்காடும் இடம். பெரும்பாலான வீடுகளில் தீர்வு ஒன்றே: “செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ.” தும்மியது நீங்கள் என்றால், “சளிங்க” என்று உடனே சொல்லிவிடுங்கள், எதிரிலிருப்பவர் மனம் லேசாகும். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வாய்த் தண்ணீரை மறுத்து வாதாடுவதற்கு ஆகும் நேரத்தில் பஸ் போய்விடும் என்பது அனுபவம்.

அந்தப் பெண் போன வருடம் குரூப் 4 தேர்வு எழுதினாள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் நாளே பட்டறையில் சொல்லிக்கொண்டாள்: “நாளைக்குப் பரீட்சைங்க, எழுதிட்டு வரேன்.” அதற்கு வந்த வாழ்த்துகளும் அவள் பதில்களும் பாடமாக வைக்கத் தக்கவை.

சூளைப் பெரியவர் “நல்லா எழுதிட்டு வா” என்றார். “சரிங்கய்யா, எழுதிட்டு வரேன்.” வினையைத் திருப்பிச் சொன்னாள், முடிந்தது. பொம்மைக்கு வண்ணம் தீட்டும் அக்கா “கொளஞ்சியப்பர் பாத்துப்பார்” என்றார். பிராது எழுதிக் கட்டும் மணவாளநல்லூர்க் கோயிலுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கும் செல்வாக்கு அப்படி. “ஆமாங்கக்கா” என்றாள். ஒரு கிறித்தவச் சகோதரி “ஜெபம் பண்ணிக்கிறேன்” என்றார். “பண்ணுங்கக்கா, ரொம்ப நன்றி.” இங்கே நன்றி பொருந்தும், ஏனென்றால் அவர் உங்களுக்காக ஒரு வேலை செய்வதாகச் சொல்கிறார். முதலாளியின் மகன் “ஆல் தி பெஸ்ட்” என்றான், “தேங்க்ஸ்” என்றாள். வந்த மொழியிலேயே பதில் போகட்டும்.

வாட்ஸாப் குழுவில் இருபது பேர் கட்டைவிரலும் கும்பிடும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் அன்று ராத்திரி படித்த மாதிரிதான். “எல்லாருக்கும் நன்றி, எழுதிட்டு வந்து பேசறேன்” என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போனை அணைத்தாள்.

வாழ்த்தியவர்களுக்கு உண்மையான பதில் மறுநாள்தான். “எப்படி எழுதுன?” என்று கேட்பார்கள். “சூப்பரா எழுதிட்டேன்” என்பது கண்ணேறு படும் பேச்சு, முடிவு மாறினால் சங்கடமும்கூட. “சரியா எழுதல” என்றால் வாழ்த்தியவருக்குக் குறை. “எழுதியிருக்கேங்க, பாப்போம்” என்பதுதான் ஊர்ப்பேச்சு. கேட்கும்வரை காத்திருக்காமல் அவளே சூளைப் பக்கம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த வாழ்த்துகள் எதுவுமே செல்லாத ஓர் இடம் உண்டு. உடன் வேலை செய்பவர் வீட்டில் சாவு என்று பட்டறையே கிளம்பிப் போகும். வேனில் ஏறும்வரை அங்கே யாரிடமும் “போயிட்டு வரேன்” என்று சொல்லக் கூடாது. துக்க வீட்டுக்குத் திரும்பி வருவதாகச் சொல்வது எப்படிக் கேட்கும்? கை கூப்பவும் வேண்டாம், ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டுச் சொல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதும் பலர் ‘வரேன்’ சொல்வதில்லை. “உடம்பப் பாத்துக்கங்க, வீட்டுல வந்து பாக்கறேன்” என்பார்கள்.